சாதா பிடிஎஃப் கடிதத்துக்குக் கம்பனித் தலைப்புப் போடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பள மென்பொருள் தலைப்பே இல்லாத வெறும் பிடிஎஃப் கடிதம்தான் தருகிறது. கடிதத்தில் ஓர் எழுத்தும் மாறாமல் கம்பனி லெட்டர்ஹெட்டை எப்படிப் போடுவது?

ஹட்டன் பக்கத்தில் ஒரு தோட்டக் காரியாலயத்தில் கடித வேலை பார்க்கிறேன். சம்பள உறுதிக் கடிதம், சேவைக் கடிதம் என்று மாதம் முழுக்க இதே வேலைதான். அதனால் எங்கள் காரியாலயத்தில் நடப்பதை வைத்தே சொல்கிறேன்.

முன்பு என்ன செய்தோம் என்று நினைத்துப் பாருங்கள். அச்சகத்தில் தலைப்பு அடித்த கடதாசிக் கட்டை வாங்கி வைத்து, அதைப் பிரிண்டரில் போட்டு, கடிதத்தை அதன்மேல் அடித்தோம். தலைப்பு முதலில் கடதாசியில் இருந்தது, கடிதம் அதன்மேல் வந்து உட்கார்ந்தது. பிடிஎஃப்பிலும் அதையே செய்யலாம். தலைப்பை மட்டும் ஒரு தனி பிடிஎஃப்பாகச் செய்து வைத்துக்கொண்டு, அதைக் கடிதப் பக்கத்தின் அடியில் விரிக்க வேண்டும். `qpdf` என்ற இலவச மென்பொருள் அதைக் கட்டளைச் சாளரத்தில் தட்டும் ஒரே வரியில் செய்கிறது:

```
qpdf kaditham.pdf --underlay thalaippu.pdf -- mudivu.pdf
```

முதலில் இருப்பது கடிதம், நடுவில் தலைப்பு, கடைசியில் கிடைக்கப்போகும் புதிய பைல். நடுவில் தனியாக நிற்கும் இரண்டு கோடுகளை விட்டுவிடாதீர்கள். தலைப்புப் பற்றிய விவரம் அங்கே முடிகிறது என்று மென்பொருளுக்குச் சொல்வது அதுதான்.

கடிதம் மாறாது என்று நான் உறுதியாகச் சொல்லக் காரணம் உண்டு. பிடிஎஃப் பக்கம் என்பது ஒரு கட்டளைப் பட்டியல்: இந்த எழுத்துருவை எடு, இந்த இடத்துக்குப் போ, இந்த வடிவங்களை வரை. `qpdf` அந்தப் பட்டியலுக்குள் கை வைப்பதில்லை. தலைப்பைத் தனிப் பொருளாக உள்ளே சேர்த்து, ‘முதலில் இதை வரை, பிறகு பழைய பட்டியலுக்குப் போ’ என்று முன்னால் சொல்லிவிடுகிறது. கடிதத்தின் எழுத்துருவும் வரி உடையும் இடமும் இருந்தபடியே இருக்கும்.

வேர்டில் திறந்து தலைப்பை ஒட்டி, திரும்ப பிடிஎஃப்பாகச் சேமித்தால் என்ன?

ஆங்கிலக் கடிதம் என்றால் சில சமயம் தப்பிக்கலாம். தமிழ்க் கடிதத்தில் தயவுசெய்து செய்யாதீர்கள்.

பிடிஎஃப்பில் தமிழ் எழுத்துகள் நாம் தட்டிய ஒழுங்கில் இருப்பதில்லை, கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் வரையப்பட்டிருக்கும். ‘கொழுந்து’ என்ற சொல்லில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கிறது. அதனால் பிடிஎஃப்பும் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால் என்றுதான் வரைகிறது. வேர்ட் அதைத் திரும்ப எழுத்தாக்கும்போது பல பைல்களில் ‘ெகாழுந்து’ என்று ஆகிவிடும். ‘தோட்டம்’ என்பது ‘ேதாட்டம்’ ஆகும். கொம்புக்குப் பக்கத்தில் புள்ளி வட்டம் தெரிந்தால் இதுதான் நடந்திருக்கிறது. சிங்களத்திலும் கொம்புவ எழுத்துக்கு முன்னால்தான் நிற்கிறது என்பதால் அங்கேயும் இதே தொல்லை.

எனக்கு இது பட்டுத் தெரிந்தது. நான் வேலைக்கு வந்த புதிதில் எங்கள் தோட்டத்தின் மேற்கணக்கிலிருந்து ஓர் அக்கா கடன் எடுப்பதற்காகச் சம்பள உறுதிக் கடிதம் கேட்டு வந்தார். நான் வேர்ட் வழியாகத் தலைப்புப் போட்டுக் கொடுத்தேன். அவருடைய பெயரிலேயே கொம்பு இடம் மாறியிருந்ததை நான் கவனிக்கவில்லை. அடையாள அட்டையில் உள்ள பெயரும் கடிதத்தில் உள்ள பெயரும் ஒன்றில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். டவுனுக்குப் போய் வந்ததில் அவருக்கு ஒரு நாள் பேர் போனது, திரும்ப என்னிடம் வந்து வாங்கிப் போனதில் இன்னோர் அரைப்பேர். அந்த ஒன்றரை நாள் சம்பளத்தை நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து முடிந்த கடிதத்தை எழுதும் மென்பொருள் எதிலும் திறப்பதில்லை.

லிப்ரே ஆபீஸ் டிராவில் திறப்பதும் இதே வகைதான். அதுவும் பக்கத்தைப் பிரித்துப் போட்டுத் திரும்பக் கட்டுகிறது. கடிதத்தில் இருந்த எழுத்துரு அந்தக் கணினியில் இல்லையென்றால் வேறொன்றைப் போட்டுவிடும்.

தலைப்பு பைலை எதில், எப்படிச் செய்வது?

வேர்டிலோ லிப்ரே ஆபீஸிலோ இன்க்ஸ்கேப்பிலோ செய்யலாம். வெறும் ஏ4 பக்கத்தில் தலைப்பும் அடிக்குறிப்பும் மட்டும் இருக்க வேண்டும், நடுவில் ஒன்றும் கூடாது. அதை பிடிஎஃப்பாகச் சேமித்தால் முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது பின்னணி. பக்கத்துக்கு வெள்ளை நிறம் கொடுக்காதீர்கள். நிறம் கொடுக்காத பக்கம் எண்ணெய்க் கடதாசி மாதிரி, அடியில் இருப்பது தெரியும். வெள்ளை கொடுத்த பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி, அடியில் உள்ளதை மூடிவிடும். இரண்டும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும் என்பதால் பலர் இங்கே ஏமாறுகிறார்கள். தலைப்பை அடியில் விரிக்கும்வரை இந்த வெள்ளை தொந்தரவு செய்யாது. ஆனால் என்றாவது மேலே போட வேண்டி வந்தால் கடிதம் முழுவதும் மறைந்துபோகும்.

அடுத்தது, தலைப்பைப் படமாக்கிப் போடாதீர்கள். ஏ4 பக்கம் முழுவதையும் 300 டிபிஐ படமாக்கினால் அது 2480 × 3508 புள்ளிகள் கொண்ட பெரிய படம். சிறிய கடிதம்கூட மெயிலில் ஏறத் தாமதிக்கும், முகவரி எழுத்தும் பெரிதாக்கிப் பார்த்தால் மங்கும். சின்னம் மட்டும் படமாக இருக்கட்டும், அதுவும் கோட்டு வடிவில் கிடைத்தால் இன்னும் நல்லது. பெயரும் முகவரியும் எழுத்தாகவே இருக்கட்டும்.

எங்கள் தலைப்பில் கம்பனியின் பெயர் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் இருக்கிறது. அதற்குக் கீழே பதிவு இலக்கம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி வணிகக் கடிதங்களில் கம்பனியின் பெயரும் பதிவு இலக்கமும் தெளிவாக இருக்க வேண்டும். மென்பொருள் தரும் வெறும் கடிதத்தில் அந்த இலக்கம் இராது என்பதால் தலைப்பில் அதை மறக்காதீர்கள்.

அளவையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். எங்கள் தலைப்பு பக்கத்தின் மேல் விளிம்பிலிருந்து 35 மி.மீ. வரை வருகிறது. அடிக்குறிப்பு கீழ் விளிம்பிலிருந்து 15 மி.மீ. உயரம்.

முதல் பக்கத்துக்கு முழுத் தலைப்பு, மற்றப் பக்கங்களுக்கு அடிக்குறிப்பு மட்டும் வேண்டும். முடியுமா?

முடியும். தலைப்பு பைலை இரண்டு பக்கமாகச் செய்யுங்கள். முதற்பக்கத்தில் முழுத் தலைப்பும் அடிக்குறிப்பும், இரண்டாம் பக்கத்தில் அடிக்குறிப்பு மட்டும். பிறகு:

```
qpdf kaditham.pdf --underlay thalaippu.pdf --from=1 --repeat=2 -- mudivu.pdf
```

தலைப்பு பைலின் 1ஆம் பக்கம் கடிதத்தின் முதற்பக்கத்துக்குப் போகும். மிச்சம் எத்தனை பக்கம் இருந்தாலும் 2ஆம் பக்கமே திரும்பத் திரும்பப் போகும். கடிதம் ஒரே பக்கம் என்றாலும் இதே வரி சரிவரும். அதனால் எந்தக் கடிதம் எத்தனை பக்கம் என்று பார்க்காமல் இந்த ஒரு வரியையே எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறேன்.

`--from=1` என்பதை விட்டுவிட்டு `--repeat` எதுவும் போடாமல் ஓட்டினால், இரண்டு பக்கத் தலைப்பு மூன்று பக்கக் கடிதத்தில் கடைசிப் பக்கத்துக்கு வராது. பிழை என்றும் சொல்லாது. கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் கணினியில் `pdftk` இருந்தால் அதிலும் இதைச் செய்யலாம். `pdftk kaditham.pdf multibackground thalaippu.pdf output mudivu.pdf` என்று கொடுத்தால் தலைப்பின் கடைசிப் பக்கத்தை அதுவாகவே திரும்பப் போட்டுக்கொள்ளும்.

தலைப்பு கொஞ்சம் சுருங்கி, இரண்டு ஓரத்திலும் வெள்ளை விட்டுத் தெரிகிறது. தலைப்பு பைலில் பிழையா?

தலைப்பில் பிழை இருக்காது. கடிதத்தின் தாள் அளவை, `poppler` என்ற இலவசத் தொகுப்பில் உள்ள `pdfinfo` கருவியால் பாருங்கள்:

```
pdfinfo kaditham.pdf
```

வரும் விவரங்களில் `Page size` என்ற வரி இருக்கும். ஏ4 என்றால் 595 × 842 பொயின்ட் அளவில் ஓர் எண்ணும் பக்கத்தில் `A4` என்றும் காட்டும். உங்களுக்கு `612 x 792 pts (letter)` என்று வந்திருக்கும்.

அது அமெரிக்கர்கள் பயன்படுத்தும் தாள். ஏ4ஐ விடக் குட்டை, கொஞ்சம் அகலம். அமெரிக்க அமைப்போடு வரும் மென்பொருளை அதை மாற்றாமல் பதிந்தால் இந்த அளவுதான் வரும். நம் நாட்டுக் கடைகளில் ஏ4 தாள்தான் கிடைக்கிறது. அதனால் பிரிண்டர் எப்படியாவது பொருத்தி அடித்துக்கொடுத்துவிடும், யாருக்கும் வித்தியாசம் தெரியாமலே வருடக்கணக்கில் ஓடும். தலைப்பை அடியில் விரிக்கும் அன்றுதான் வெளியே வரும்.

நடப்பது என்னவென்றால், 842 பொயின்ட் உயரமான தலைப்பை 792 பொயின்ட் பக்கத்துக்குள் அடக்க `qpdf` அதை 94 வீதமாகச் சுருக்குகிறது. அகலமும் அதே அளவு சுருங்கி 560 பொயின்ட் ஆகிறது. பக்கமோ 612 பொயின்ட் அகலம். மிச்சம் 52 பொயின்ட்டை இரண்டு ஓரத்துக்கும் பிரித்தால் ஒவ்வொரு பக்கமும் 26, அதாவது 9 மி.மீ. சுமார். எங்கள் தலைப்பின் மேலே ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரு பச்சைப் பட்டை உண்டு. அது இரண்டு பக்கமும் அந்த 9 மி.மீ. குறைந்து நின்றதைப் பார்த்துத்தான் நான் விஷயத்தைப் பிடித்தேன். ஓரம்வரை போகும் பட்டை இல்லாத தலைப்பு என்றால் கண்ணில் படாமலே போயிருக்கும்.

சரியான தீர்வு மென்பொருளின் பக்க அமைப்பில் ஏ4 என்று மாற்றிக் கடிதத்தைத் திரும்ப எடுப்பது. பழைய கடிதம், திரும்ப எடுக்க வழியில்லை என்றால் தலைப்பையே அந்த அளவில் இன்னொன்று செய்து வைத்துக்கொள்ளலாம். கடித எழுத்தைத் தொடக்கூடாது என்பதால் நான் அதையே விரும்புகிறேன்.

தலைப்பு கடிதத்தின் திகதியின் மேல் ஏறிவிடுகிறது. என்ன செய்வது?

இதுதான் அதிகம் வரும் கேள்வி. தலைப்புப் போடும் எந்தக் கருவியும் கடித வரிகளைக் கீழே தள்ளாது. தள்ளினால் அது கடிதத்தை மாற்றுவதாகிவிடும். அதனால் தலைப்புக்கான இடம் கடிதத்தில் முன்பே இருக்க வேண்டும்.

இடம் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து ஊகிக்காமல் அளந்துவிடுங்கள்:

```
pdftotext -bbox kaditham.pdf alavu.html
```

`alavu.html` பைலை நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு சொல்லுக்கும் நான்கு எண்கள் இருக்கும். `yMin` என்பது அந்தச் சொல்லின் மேல் விளிம்பு பக்கத்தின் உச்சியிலிருந்து எத்தனை பொயின்ட் கீழே என்பது. `yMax` அதன் கீழ் விளிம்பு. ஒரு பொயின்ட் 0.353 மி.மீ. முதல் வரியின் `yMin`, கடைசி வரியின் `yMax`, இந்த இரண்டு எண்கள் போதும்.

எங்களுடைய சேவைக் கடிதத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் வரியில் திகதி, அதன் `yMin` 72. பெருக்கினால் 25 மி.மீ. சொச்சம். தலைப்போ 35 மி.மீ. வரை வருகிறது. ஆக, திகதி தலைப்பின் முகவரி வரிகளுக்குள் போய் 10 மி.மீ. புதைகிறது. கடைசி வரியின் `yMax` 742. பக்கத்தின் உயரம் 842 என்பதால் கீழே 100 பொயின்ட், அதாவது 35 மி.மீ. வெறுமையாகக் கிடக்கிறது. அடிக்குறிப்புக்கு 15 மி.மீ. போனாலும் 20 மிச்சம்.

மென்பொருளின் வார்ப்புருவில் மேல் ஓரத்தை 25 மி.மீ.யிலிருந்து 45 ஆக்கிவிட்டால் இனி வரும் கடிதங்கள் எல்லாம் சரியாகும். நாங்கள் அதைத்தான் செய்தோம். இரண்டு நிமிட வேலை.

ஆனால் ஏற்கெனவே எடுத்து இலக்கமிட்டுக் கோவைப்படுத்திய கடிதங்கள் இருந்தன. அவற்றைத் திரும்ப எடுத்தால் மென்பொருள் அன்றைய திகதியைப் போட்டுவிடும். அங்கே முழுப் பக்கத்தையும் அப்படியே கீழே இறக்கினோம். 15 மி.மீ. இறக்கினால் திகதி 40 மி.மீ.க்கு வரும், தலைப்புக்கும் அதற்கும் 5 மி.மீ. இடைவெளி கிடைக்கும். கீழே 35இல் 15 போய் 20 மிச்சம், அடிக்குறிப்புக்கு மேல் அங்கேயும் 5 மி.மீ. இரண்டு பக்கமும் சரி. லினக்ஸ் கணினியில் இப்படி:

```
pdfjam --a4paper --offset '0mm -15mm' --outfile irakkam.pdf kaditham.pdf
```

கழித்தல் குறி இருந்தால் கீழே இறங்கும், இல்லாவிட்டால் மேலே ஏறிவிடும். பிறகு `irakkam.pdf` பைலுக்கு வழக்கம்போல் தலைப்புப் போட வேண்டியதுதான். எழுத்தும் எழுத்தின் அளவும் மாறாது, நிற்கும் இடம் மட்டும் மாறும். கடிதத்தில் சொடுக்கும் இணைப்புகள் இருந்தால் இதில் போய்விடும். சம்பளக் கடிதத்தில் அப்படி ஒன்றும் இருப்பதில்லை.

மேலேயும் கீழேயும் சேர்த்துக் கணக்குப் பார்த்து இடம் போதவில்லை என்றால், அந்தக் கடிதத்துக்கு உயரம் குறைந்த தலைப்பு ஒன்று செய்யுங்கள். சின்னத்தையும் பெயரையும் ஒரே வரியில் கொண்டுவந்தால் 22 மி.மீ.க்குள் அடங்கும்.

கட்டளை ஓடியது, பிழை ஒன்றும் வரவில்லை. ஆனால் தலைப்பே தெரியவில்லை.

தலைப்பு இருக்கிறது, கடிதம் அதை மூடிக்கொண்டிருக்கிறது. இரண்டு காரணங்களால் வரும்.

கடிதம் ஸ்கேன் செய்தது என்றால் அது பக்கம் முழுக்க நிறைந்த ஒரே படம். அதன் வெள்ளையும் படத்தின் பகுதிதான். இன்னொன்று, இணையவழி மென்பொருளிலிருந்து உலாவி மூலம் எடுத்த கடிதம். சிலவற்றில் எழுத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பெட்டி பக்கம் முழுக்க வரையப்பட்டிருக்கும். எது என்று அறிய, கடிதத்தின் எழுத்தைச் சுட்டியால் தெரிவுசெய்து பாருங்கள். தெரிவாகவில்லை என்றால் படம், தெரிவானால் வெள்ளைப் பெட்டி.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான். `--underlay` என்ற இடத்தில் `--overlay` என்று போடுங்கள். தலைப்பு கடிதத்தின் மேலே வந்துவிடும். தலைப்பு பைலில் வெள்ளைப் பின்னணி கூடாது என்று மேலே சொன்னது இந்த நாளுக்காகத்தான்.

எப்போதும் மேலேயே போட்டுவிடலாமே என்று கேட்பார்கள். நான் அடியில் விரிப்பதையே வழக்கமாக வைத்திருக்கிறேன். எங்கேயாவது தலைப்பும் கடிதமும் தொட்டுக்கொண்டால் மேலே நிற்க வேண்டியது கடிதத்தின் எழுத்து. தொகையையோ அடையாள அட்டை இலக்கத்தையோ சின்னம் மறைக்கக்கூடாது. நடுவில் மெல்லிய நிறத்தில் சின்னம் போடும் தலைப்பு என்றால் இது இன்னும் முக்கியம்.

எழுத்து மாறவில்லை என்பதைப் பெரிய கிளாக்கருக்கு எப்படிக் காட்டுவது?

முன்னும் பின்னும் எழுத்தை வெளியே எடுத்து ஒப்பிட்டுக் காட்டுங்கள்:

```
pdftotext -raw kaditham.pdf mun.txt
pdftotext -raw mudivu.pdf pin.txt
diff mun.txt pin.txt
```

விண்டோசில் `diff` இருக்காது, அதற்குப் பதில் `fc` போடுங்கள். `-raw` என்பது பக்கத்தில் வரையப்பட்ட ஒழுங்கிலேயே எழுத்தை எடுக்கச் சொல்கிறது. தலைப்பு முதலில் வரையப்படுவதால் கம்பனிப் பெயரும் முகவரியும் முன்னால் கூடுதலாக வரும். கூடியவை அந்த வரிகள் மட்டும் என்றால், கடிதத்தில் ஒன்றும் மாறவில்லை. கடிதத்தின் சொந்த வரி ஒன்று மாறியதாகக் காட்டினால் அனுப்பாதீர்கள்.

`mun.txt` பைலைத் திறந்து பார்த்து, ‘ெகாழுந்து’ என்று இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். பிடிஎஃப்பிலிருந்து தமிழை வெளியே எடுக்கும்போது அப்படி வருவது உண்டு, பக்கத்தில் அச்சாவது சரியாகவே இருக்கும். நமக்கு வேண்டியது முன்னும் பின்னும் ஒரே மாதிரி இருக்கிறதா என்பது.

அதோடு `pdffonts mudivu.pdf` என்றும் கொடுத்துப் பாருங்கள். கடிதத்தில் இருந்த எழுத்துருக்கள் அதே பெயரில் இருக்க வேண்டும், `emb` என்ற பத்தியில் எல்லாவற்றுக்கும் `yes` இருக்க வேண்டும்.

எங்கள் கடிதங்கள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. அதற்கும் இது சரிவருமா?

சரிவரும். பாமினிக் கடிதங்களுக்கு இந்த முறைதான் பாதுகாப்பு. பாமினியில் ‘தமிழ்’ என்பது உள்ளே `jkpo;` என்றுதான் இருக்கிறது. எழுத்துரு அதற்குத் தமிழ் உருவம் கொடுக்கிறது. வேர்டில் திறந்து எழுத்துரு மாறிவிட்டால் கடிதம் முழுவதும் ஆங்கில எழுத்தாக நிற்கும். அடியில் தலைப்பு விரிப்பதில் எழுத்துரு தொடப்படாது என்பதால் அந்த ஆபத்து இல்லை.

ஆனால் எழுத்துரு பிடிஎஃப்புக்குள் பதிந்திருக்க வேண்டும். `pdffonts` காட்டும் பட்டியலில் பாமினிக்கு நேரே `emb` பத்தியில் `no` என்று இருந்தால், உங்கள் கணினியில் தமிழாகத் தெரிந்தாலும் பெறுபவர் கணினியில் `jkpo;` என்றுதான் தெரியும். தலைப்புப் போடும் முன்பே அந்தக் கடிதம் பழுது. எழுத்துருவைப் பதிந்து திரும்ப எடுக்க வேண்டும்.

இணையத்தில் இலவசமாகச் செய்து தரும் தளங்கள் இருக்கின்றனவே?

சம்பள உறுதிக் கடிதத்தில் ஒருவருடைய முழுப் பெயர், அடையாள அட்டை இலக்கம், ஊழியர் சேமலாப நிதி இலக்கம், சம்பளம் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கின்றன. அந்த மனிதர் நம்மை நம்பிக் கொடுத்தவை அவை. தெரியாத ஒரு தளத்தில் அதை ஏற்றுவது எனக்குச் சம்மதமில்லை. மேலே சொன்ன கருவிகள் எல்லாம் நம் கணினியிலேயே, இணைப்பு இல்லாமலே ஓடுகின்றன. மழைக்காலத்தில் இங்கே இணைப்பு விழுந்து கிடக்கும் நாட்களிலும் வேலை நிற்காது.

உபுண்டுவில் `sudo apt install qpdf poppler-utils` என்று ஒரு முறை கொடுத்தால் `pdftk`, `pdfjam` இரண்டும் தவிர எல்லாம் வந்துவிடும். விண்டோசுக்கும் `qpdf`, `poppler` இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

போனஸ் காலத்தில் ஒரே நாளில் நாற்பது, ஐம்பது கடிதம். ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டுமா?

வேண்டாம். கடிதங்களை `kaditham` என்ற கோப்புறையில் போட்டு, `mudivu` என்று ஒரு வெற்றுக் கோப்புறை திறந்துகொள்ளுங்கள். விண்டோஸ் கட்டளைச் சாளரத்தில்:

```
for %f in (kaditham\*.pdf) do qpdf "%f" --underlay thalaippu.pdf --from=1 --repeat=2 -- "mudivu\%~nxf"
```

இதை `.bat` பைலாகச் சேமித்தால் `%` இருக்கும் இடமெல்லாம் `%%` என்று இரட்டிக்க வேண்டும். பழைய கடிதங்களின் மேலேயே எழுதாமல் வேறு கோப்புறைக்கு அனுப்புவது வேண்டுமென்றுதான். தலைப்பில்லாத மூலம் கையில் இருந்தால், முகவரி மாறினாலும் தொலைபேசி இலக்கம் மாறினாலும் புதுத் தலைப்போடு ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் திரும்ப எடுக்கலாம். தலைப்பு இரண்டு முறை விழுந்த கடிதம் வந்தால், முடிந்த பைலையே திரும்ப மூலமாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

தோட்டத் துரை டிஜிட்டல் கையொப்பம் வைத்த கடிதம். அதற்கும் தலைப்புப் போடலாமா?

கையொப்பத்துக்குப் பிறகு போட்டால் கையொப்பம் செல்லாது. அந்தக் கையொப்பம் பைலின் ஒவ்வொரு பைட்டையும் கணக்கில் எடுத்து வைத்தது. `qpdf` பைலைப் புதிதாக எழுதுவதால், கடிதத்தில் ஓர் எழுத்தும் மாறாவிட்டாலும் ‘கையொப்பத்துக்குப் பின் மாற்றப்பட்டது’ என்றே பெறுபவருக்குக் காட்டும். முதலில் தலைப்பு, பிறகு கையொப்பம். ஏற்கெனவே ஒப்பமிட்டது என்றால் தலைப்பில்லாத மூலத்துக்குப் போய், தலைப்புப் போட்டு, துரையிடம் திரும்ப ஒப்பம் வாங்குங்கள்.

பேனாவால் ஒப்பமிட்டு ரப்பர் முத்திரை வைக்கும் கடிதத்தில் இந்தச் சிக்கல் இல்லை. தலைப்புப் போட்ட பைலை அடித்து எடுத்து மேசையில் வைத்தால் போதும். அடிக்கும்போது பிரிண்டர் சாளரத்தில் அளவு 100 வீதம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பக்கத்துக்குப் பொருத்து என்பது தெரிவாகியிருந்தால் நீங்கள் அளந்து வைத்த 5 மி.மீ. இடைவெளியெல்லாம் கடதாசியில் கொஞ்சம் சுருங்கி விழும்.